அப்பா பெயரிலேயே இருக்கும் கிரான்: தள்ளிப்போட்ட பெரிய வேலையைத் தொடங்கும் வழி

எங்கள் ஊருக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் இங்கே பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து, சேமித்த காசில் தாமானில் ஒரு மலிவு விலை வீடு வாங்கிய குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வீடுகளில் பலவற்றின் கிரான், இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே கிடக்கிறது. "என்ன ஆச்சு, பேர் மாத்தலையா?" என்று கேட்டால், "பார்க்கணும்ணே, பார்க்கணும்" என்பார்கள். வருடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இவர்களைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. விடியும் முன்பே எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டுக்குப் போய் நிற்பவர்கள். சனிக்கிழமை மாலைகளில் ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து போராங் நிரப்ப உதவும் எனக்கு இது நன்றாகத் தெரியும். வேலைக்கு அஞ்சாதவர்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஏன் கையை நீட்டுவதில்லை என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவர்களுக்குத் தெரியாதது தொடங்கும் விதம் மட்டும்தான். தொடங்குவதற்கு இரண்டு காரியங்கள் போதும். முதல் அடியை நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். அந்த அடியை எப்போது எடுத்து வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கிரான் பெயர் மாற்றத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இரண்டையும் பார்ப்போம்.

கை ஏன் போகவில்லை

"கிரானை மாத்தணும்" என்பது ஒரு வரிதான். அதற்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். இறப்புப் பத்திரத்தைத் தேட வேண்டும். கிரானின் அசலோ நகலோ எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருடைய ஐ.சி. நகலும் வேண்டும். அப்பா அம்மாவின் திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் வேண்டும். போராங் ஏ என்ற மனுவை நிரப்ப வேண்டும், நில அலுவலகத்துக்குப் போக வேண்டும், விசாரணைக்கு எல்லோரையும் வரவைக்க வேண்டும். இவ்வளவும் ஒரே நேரத்தில் மனதுக்குள் வந்து நின்றால் எதைத் தொடுவது என்றே தெரியாது.

இதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வேலையை நினைத்த உடனே நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம் வருகிறது. அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும், பங்கு பற்றி அண்ணனிடம் பேச வேண்டும், கவுண்டரில் மலாயில் தடுமாற வேண்டும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன மறு விநாடியே அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. தள்ளிப்போட்டதற்குக் கையோடு கிடைத்த கூலி அந்த நிம்மதிதான். கூலி கிடைக்கும் வேலையை மனம் திரும்பத் திரும்பச் செய்யும். தள்ளிப்போடுவதை ஆராயும் உளவியலாளர்கள் பலரும் இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதது போல இருக்கும். உள்ளே நடப்பது, ஒரு கெட்ட உணர்விலிருந்து தப்பித்துக்கொள்வது.

அதனால் "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்வதில் பயன் அதிகம் இல்லை. அந்த இறுக்கம் எழும்புவதற்கு இடமே கொடுக்காத அளவுக்கு முதல் அடி சிறிதாக இருந்தால், திடப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவையே வராது.

முதல் அடியைச் சுருக்குவது

ஒரு தாளை எடுத்து, அந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது என்று தோன்றுவதை எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் "பத்திரங்களைச் சேகரிப்பது" என்று எழுதுவார்கள். இது இன்னும் மிகப் பெரியது. "சேகரிப்பது" என்றால் கை எங்கே போக வேண்டும், கால் எங்கே போக வேண்டும்? அதில் பதில் இல்லை. உடம்பு என்ன செய்யும் என்பது கண்ணுக்குத் தெரியும்வரை வாக்கியத்தை வெட்டிக்கொண்டே வாருங்கள். "அலமாரி மேலே இருக்கும் பிஸ்கட் டின்னை இறக்கி, மேசை மேல் வைத்து, அப்பாவின் இறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்து, மற்ற தாள்களுக்கு மேலே வைத்து மூடுவது." இது போதும்.

இப்படி வெட்டிய அடி சரியானதா என்று பார்க்க நான் மூன்று விஷயங்களைக் கவனிக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வேறு யாருடைய உதவியும் பதிலும் வேண்டியிருக்கக் கூடாது. நடுவில் எந்த முடிவும் எடுக்க வேண்டியிருக்கக் கூடாது.

இந்த மூன்றாவதில்தான் பலரும் இடறுகிறார்கள். "போராங் ஏ-வின் முதல் பக்கத்தை நிரப்புவது" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். பார்க்கச் சிறியதாகத்தான் தெரிகிறது. ஆனால் மனுதாரர் யார் என்பதை அங்கே எழுத வேண்டும். அம்மாவா, மூத்த மகனா, ஊரிலேயே இருக்கும் மகளா? அது குடும்பத்தில் பேசி எடுக்க வேண்டிய முடிவு. பேனாவைப் பிடித்த கை அந்த இடத்தில் நின்றுவிடும். முடிவுகள் ஒளிந்திருக்கும் அடி, பக்கக் கணக்கில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உண்மையில் பெரியதே. அதையே "இறந்தவர் விவரம் என்ற பகுதியில் அப்பாவின் பெயரையும் ஐ.சி. எண்ணையும் மட்டும் பென்சிலால் எழுதுவது" என்று மாற்றினால் முடிவெடுக்க எதுவும் இல்லை. பத்திரத்தைப் பார்த்து எழுதினால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுருக்கிய அடி அந்த வேலையைத் தொட வேண்டும். மேசையைத் துடைப்பது, புது ஃபைல் வாங்குவது, தாள்களைப் போட பிளாஸ்டிக் உறை வாங்குவது எல்லாம் சுறுசுறுப்பாகத் தோன்றும், ஆனால் கிரான் விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடி முடிந்ததும், அதற்கு முன் தெரியாத ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். டின்னைத் திறந்து பார்த்தால் இறப்புப் பத்திரம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் ஒரு வழி, இல்லையென்றால் பதிவிலாகாவில் நகல் கேட்கும் வழி. இரண்டில் எதுவாக இருந்தாலும் அடுத்த அடி என்ன என்பது தானாகவே தெரியும்.

நேரத்தை எப்படிக் குறிப்பது

"லீவு நாளில் செய்கிறேன்" என்பது நேரம் ஆகாது. "இந்த வாரக் கடைசியில்" என்பதும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போய்விட்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மாலையில் யாராவது வந்துவிட்டால் நாள் முடிந்துவிடும். அந்த நாளின் எந்த நொடியிலும் "இதோ, இப்போது" என்று யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியின் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தார். 1997-ல் அவரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவை எப்படிக் கழித்தோம் என்று ஒரு குறிப்பை இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். விடுமுறை நேரம், எழுத மனம் வராத வேலை. ஒரு பிரிவினரை மட்டும், எப்போது எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று முன்பே குறிக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொன்ன காலத்துக்குள் எழுதினார்கள். குறிக்காதவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான். இரண்டு பிரிவினருக்கும் எழுத வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நேரமும் இடமும் குறித்ததுதான் வித்தியாசம்.

எதற்காக இது வேலை செய்கிறது என்றால், "இப்போது தொடங்கலாமா?" என்ற கேள்வியை அந்த நேரத்தில் கேட்க வேண்டியதில்லை. அதை முன்பே, இறுக்கம் இல்லாத நேரத்தில், தீர்த்து வைத்தாகிவிட்டது. குறித்த நொடி வந்ததும் அது தானாகவே நினைவைத் தட்டுகிறது.

எழுதும் முறை எளிது: "இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்." அந்த "இது" மணிக்கணக்காக இருக்கலாம், ஒரு நிகழ்ச்சியாகவும் இருக்கலாம். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்களுக்கு நான் நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். குலை வெட்டு அதிகமாக இருக்கும் மாதங்களில் லாரி தாமதமாகும், ஓவர்டைம் வரும், மழையில் வேலை நின்று சீக்கிரமே வீடு திரும்புவதும் உண்டு. மாலை 5 மணி என்று குறித்தால் 5 மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் வேலை முடிந்து வந்து குளிப்பதும், குளித்ததும் டீ குடிப்பதும் எந்த நாளிலும் நடக்கும். "டீ குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும்" என்று குறித்தால் அது தப்பாது.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முடிவு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். "சாப்பிட்ட பிறகு" என்பது இழுத்துக்கொண்டே போகும். கோப்பையைக் கவிழ்த்தது, மோட்டாரை ஸ்டாண்டு போட்டது, கேட்டைச் சாத்தியது போன்றவை ஒரு நொடியில் முடிபவை. அந்த நொடிதான் உங்கள் தொடக்கம்.

அலுவலகம் சம்பந்தப்பட்ட அடிகளுக்கு மட்டும் மணி வேண்டும். சிலாங்கூரில் நில அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை. மத்தியானம் 1 மணிக்குக் கவுண்டர் ஓய்வு. வெள்ளிக்கிழமை அந்த ஓய்வு 12.15-க்கே தொடங்கி 2.45 வரை நீளும். அதனால் முதல்முறை போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, மற்ற நாளில் காலை 9 மணி என்று குறித்துக்கொள்வது நல்லது.

ஓர் அக்கா செய்த விதம்

தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் அக்கா ஒருவர். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அம்மா அக்காவோடுதான் இருக்கிறார். பிள்ளைகள் நான்கு பேர்: அண்ணன் ஜொகூரில், அடுத்தது இந்த அக்கா, தங்கை கிள்ளானில், தம்பி சிங்கப்பூரில். அப்பா உயில் எழுதவில்லை.

உயில் இல்லாமல், வீடு நிலம் உள்ள சொத்தை விட்டுச் சென்றவர்களுக்குத் தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞரோ உயர்நீதிமன்றமோ இல்லாமலேயே ஒரு வழி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்து பகிர்வுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். மொத்தச் சொத்தின் மதிப்பு 20 லட்சம் வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்த வரம்பு, 2024 ஜூலை 15 முதல் 50 லட்சம் வெள்ளியாக உயர்ந்துவிட்டது. எங்கள் தாமான் வீடுகள் எல்லாம் அதற்கு எவ்வளவோ கீழே.

அக்கா எழுதிய முதல் குறிப்பு: "புதன்கிழமை டீ குடித்து கோப்பையைக் கவிழ்த்ததும், பிஸ்கட் டின்னை இறக்கி, இறப்புப் பத்திரத்தை மேலே வைப்பேன்." புதன்கிழமை வந்தது. கோப்பையைக் கவிழ்த்தார், டின் ஞாபகமும் வந்தது. ஆனால் இறக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்தபோது "மனசு வரல" என்றார். மனசு வராமல் போன அந்த நொடியில் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். கூடத்தில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த டின்னில் அப்பாவின் பழைய ஐ.சி., சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைத் தாள்கள் எல்லாம் கிடக்கின்றன. அம்மா பார்த்தால் அழுவார். அக்காவைத் தடுத்தது கிரான் வேலை இல்லை, அம்மாவின் முகம்.

அடியை மாற்றவில்லை, நேரத்தை மாற்றினோம். அம்மா வெள்ளிக்கிழமை மாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போவார். "வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கிளம்பி, கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டதும், டின்னை இறக்குவேன்." அந்த வெள்ளிக்கிழமை பத்திரம் கையில் வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பத்து நிமிடம் என்று எழுதியிருந்தால், முதல் இரண்டு மூன்று தடவையாவது பத்து நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். உற்சாகம் வந்துவிட்டது என்று இரண்டு மணி நேரம் தாள்களுக்குள் மூழ்கினால், அடுத்த வாரம் "பத்து நிமிடம்தான்" என்று சொல்லும்போது மனம் நம்பாது. அது மறுபடியும் இரண்டு மணி நேர வேலையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். சொன்னபடி நிறுத்தினால், சொன்னபடி தொடங்குவதும் எளிதாகும்.

நிறுத்துவதற்கு முன் கடைசியாக ஒன்று: அடுத்த அடியையும் அதன் நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி டின்னுக்குள் மேலாக வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அக்கா எழுதியது: "அடுத்த வெள்ளி, கேட் சத்தம் கேட்டதும், கடைசியாகக் கட்டிய நிலவரி ரசீதைத் தேடிப் படம் எடுப்பது." டின்னில் கிரானின் அசல் இல்லை, மங்கிப்போன நகல்தான் இருந்தது. அதைப் பார்த்து அக்கா கலங்கினாலும், நிலவரி ரசீதில் லாட் எண்ணும் கிரான் எண்ணும் இருக்கும், அதை வைத்து நில அலுவலகத்தில் பதிவைத் தேடித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதனால் அசல் இல்லாததே அடுத்த அடியைக் காட்டிக்கொடுத்தது.

அதற்கடுத்தது உடன்பிறப்புகளின் ஐ.சி. நகல்கள். தங்கையும் தம்பியும் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். அண்ணனிடம் கேட்கத்தான் அக்காவுக்குக் கை வரவில்லை. கேட்டால் பங்கு பேச்சு வரும், பங்கு பேச்சு வந்தால் சண்டை வரும் என்ற பயம். ஒரு போன் அழைப்புக்குள் இரண்டு வேலைகள் சேர்ந்து கிடந்தன. ஒன்று நகல் கேட்பது, மற்றொன்று பங்கு பேசுவது. இரண்டையும் பிரித்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதை முன்பே தாளில் எழுதிக்கொண்டார்: "அண்ணே, அப்பா வீட்டு கிரானுக்கு மனு போட உங்க ஐ.சி. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் வேணும். படம் எடுத்து அனுப்புங்க. பங்கு விஷயம் எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது பேசிக்கலாம்." நேரம்: திங்கட்கிழமை பெரட்டு முடிந்து வேனில் ஏறி உட்கார்ந்ததும். எழுதியதைப் பார்த்துத் தட்டி அனுப்புவது மட்டும்தான் அந்த அடி. பதில் வருவது அவர் கையில் இல்லாததால் அதை அடியில் சேர்க்கவில்லை.

பங்கு பற்றிய பயத்துக்கும் கொஞ்சம் மருந்து இருந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பங்கைத் தெளிவாகச் சொல்கிறது. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. அக்கா வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. இறந்தவரின் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் விரும்பினால் விசாரணையில் ஒப்புதல் சொல்லித் தங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கலாம். சண்டை போட்டுத் தீர்மானிக்க வேண்டியது அவ்வளவு இல்லை என்று தெரிந்ததும் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது.

கோல சிலாங்கூர் நில அலுவலகத்துக்குப் போவதையும் இரண்டாக வெட்டினோம். முதல் தடவை போவது மனு போட இல்லை. போராங் ஏ வாங்கவும், இணைக்க வேண்டிய பத்திரங்களின் பட்டியலைக் கேட்கவும் மட்டும். எதையும் மறந்துவிட்டோம் என்ற பயம் இல்லாமல் போகலாம், ஏனென்றால் எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. கவுண்டரில் சொல்ல வேண்டியதையும் எழுதிக்கொண்டார்: "சாயா நாக் மோஹோன் ஹார்த்தா புசாக்கா கெச்சில். போலே பாகி போராங் ஏ டான் செனாராய் டோக்குமென்?" தாளை நீட்டினாலே போதும். இதற்கு முன்னால் ஓர் அடி இருந்தது: அரை நாள் லீவு கேட்பது. அதன் நேரம், பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு முடித்ததும். லீவு கிடைத்த பிறகுதான் அலுவலகத்துக்குப் போகும் தேதியை எழுதினோம், முன்னதாக எழுதவில்லை.

குறித்த நேரம் வந்தும் செய்யவில்லை என்றால்

இது நடக்கும். நடந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். மூன்று இடங்களில்தான் அறுந்துபோக முடியும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அந்த நேரம் வந்தது ஞாபகமே இல்லை என்றால், குறித்த நிகழ்ச்சி பலவீனமானது. தினமும் நடக்காததையோ, எப்போது முடிகிறது என்று தெரியாததையோ குறித்திருப்பீர்கள். அடியைத் தொடாதீர்கள், நிகழ்ச்சியை மட்டும் மாற்றுங்கள். டின்னையே கண்ணில் படும் இடத்தில் வைப்பதும் உதவும்.

ஞாபகம் வந்தது, ஆனால் கை போகவில்லை என்றால், அடிக்குள் ஒரு முடிவோ ஒரு பயமோ ஒளிந்திருக்கிறது. அக்காவின் முதல் புதன்கிழமையில் நடந்தது இதுதான். "யார் முகம் நினைவுக்கு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஆள் இருப்பார்: அம்மா, அண்ணன், கவுண்டரில் இருப்பவர். அந்த ஆள் இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள், அல்லது அந்த ஆளிடம் பேச வேண்டியதைத் தனி அடியாக வெட்டுங்கள்.

தொடங்கினீர்கள், பாதியில் நின்றது என்றால், ஏதோ ஒரு பொருள் இல்லை. கத்தரிக்கோல் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, பேனா எழுதவில்லை. இது எளிது. அடுத்த தடவைக்கு அந்தப் பொருளை முந்தைய இரவே டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெரிய வேலைகளுக்கு இப்படிக் குறிப்பு எழுத வேண்டாம். கிரான், மகனின் உயர்கல்வி மனு, உடம்பைக் குறைப்பது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து நேரம் குறிப்பவர்களிடம் இந்த முறையின் பலன் குறைந்துபோகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எத்தனை வேலைகள் குவிந்து கிடக்கின்றன என்பது ஒவ்வொரு குறிப்பிலும் கண்ணில் படும், சோர்வுதான் வரும். ஒன்று நகரத் தொடங்கிய பிறகு அடுத்ததை எடுங்கள்.

இந்த முறையால் முடியாதவையும் உண்டு. தொலைந்த பத்திரத்தை இது கொண்டுவராது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கும் உடன்பிறப்பை இது மாற்றாது. அங்கே ஒரு பெரியவரோ, சட்ட உதவியோ வேண்டியிருக்கும். கிரான் மட்டும் இல்லாமல் குளிப்பது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது எல்லாமே வாரக்கணக்கில் முடியாமல் போனால், அது தள்ளிப்போடுவது இல்லை. உடம்பிலோ மனதிலோ ஒரு நோய் இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

மனு போட்ட பிறகு

மனுவைக் கொடுத்து, ஃபைல் எண் வாங்கிக்கொண்டு வந்ததும் பலரும் மூச்சு விடுகிறார்கள். அங்கேதான் நூல் மறுபடியும் அறுகிறது, ஏனென்றால் அடுத்து என்ன, எப்போது என்று எழுதி வைக்க ஒன்றும் இல்லாதது போலத் தெரியும். விசாரணைக்கான கடிதம் மனுவில் எழுதிய முகவரிக்கு வரும். அதனால் ஃபைல் எண்ணை வாங்கிய அன்றே, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே, இரண்டு குறிப்புகள் எழுதுங்கள்.

ஒன்று, அந்த எண்ணைப் படம் எடுத்து எல்லா உடன்பிறப்புகளுக்கும் அனுப்புவது. விசாரணைக்கு எல்லா வாரிசுகளும் வர வேண்டும். வர முடியாதவர்கள் போராங் டி.டி.ஏ. என்ற ஒப்புதல் தாளில், அதற்கு உரிய அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு இது இப்போதே தெரிந்தால், தேதி வந்த பிறகு பரபரப்பாக ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு, வேலை இடத்தில் டீ இடைவேளையில், நில அலுவலகத்துக்குப் போன் செய்து ஃபைல் எண்ணைச் சொல்லி, விசாரணைத் தேதி போட்டாகிவிட்டதா என்று கேட்பது. எண்ணையும் கேட்க வேண்டிய வாக்கியத்தையும் போனிலேயே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும், என்ன பதில் சொன்னார்கள், யாரிடம் பேசினீர்கள் என்பதை அந்தத் தேதியோடு அதே டின்னுக்குள் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். அடுத்த மாதம் பேசுகிறவருக்கு முன்னவர் என்ன சொன்னார் என்பதைப் படித்துச் சொல்ல முடியும்.